வீட்டுக் கணக்கை சார்ட்டாக்கியபோது: அச்சில் வரும் மாதப் பெயர்களைச் சரிசெய்த கதை

எங்கள் வீட்டில் 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை ஒரு வருடச் செலவு முழுவதும் எக்செலில் இருக்கிறது. வங்கிக் கணக்கிலிருந்து போனது, ரொக்கமாகக் கொடுத்தது எல்லாமே. மொத்தம் 4,81,000 ரூபாய். அத்தைக்கும் கணவருக்கும் காட்டி, அடுத்த வருடத்துக்கு என்ன ஒதுக்குவது என்று பேசுவதற்காக அதை ஒரு சார்ட்டாக்க நினைத்தேன். பார் வரைவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பாருக்குக் கீழே மாதப் பெயர் சரியாக வரவும், பக்கத்தில் ரூபாய் சரியாக வரவும்தான் மீதி நேரமெல்லாம் போனது. அந்த வேலையில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். நான் பயன்படுத்தியது விண்டோஸ் லேப்டாப்பில் உள்ள எக்செல்.

கணக்குத் தாளில் முதலில் மூன்று நெடுவரிசைகள்தான்: A-யில் தேதி, B-யில் வகை, C-யில் தொகை. நான்காவதாக D-யில் மாதம். சார்ட்டின் கீழ் அச்சில் வரப்போவது இந்த D-யில் உள்ள மாதங்கள்தான் என்பதால், அச்சைச் சரிசெய்யும் வேலை உண்மையில் A-யில் உள்ள தேதியிலிருந்தே தொடங்குகிறது.

முதல் சார்ட்டைப் போட்டதும் கீழே மார்ச் 2024 என்று ஒரு மாதம் வந்து நின்றது. நாங்கள் கணக்கே ஏப்ரலில்தான் தொடங்கினோம். வலது ஓரத்தில் டிசம்பர் 2025 என்று அப்போது இன்னும் வராத ஒரு மாதமும் இருந்தது. காரணம், லேப்டாப்பின் Region அமைப்பு அமெரிக்காவில் இருந்தது. வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி கோப்பில் தேதி 03/12/2024 என்று நம் வழக்கப்படி இருக்கும். அமெரிக்க அமைப்பில் எக்செல் அதை மாதம், நாள் என்று படித்து 2024 மார்ச் 12 ஆக்கிவிடுகிறது. 12/03/2025 அப்படித்தான் 2025 டிசம்பர் 3 ஆனது. ஆனால் 25/06/2024 என்பதை அது தேதியாகவே ஏற்காது, 25-வது மாதம் கிடையாதே. அதை வெறும் எழுத்தாக வைத்துக்கொள்கிறது. ஆக, மாதத்தின் 12-ஆம் தேதி வரை உள்ளவை நாளும் மாதமும் இடம் மாறிப்போகும், 13 முதல் உள்ளவை தேதியே ஆகாமல் நிற்கும்.

இது கண்ணில் படாததற்குக் காரணம், திரையில் காட்டுவதும் அமெரிக்க முறையில்தான் என்பது. மார்ச் 12 என்று தப்பாகப் புரிந்துகொண்டு, அதை 3/12/2024 என்றே காட்டும். நமக்கு அது டிசம்பர் 3 போலவே தெரியும். உற்றுப் பார்த்தால் இரண்டு அடையாளங்கள் கிடைக்கும். தேதியாக ஏற்றுக்கொண்டவை செல்லின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்தாக நின்றவை இடது ஓரத்தில் நிற்கும். தேதியாக மாறியவற்றில் முன்னால் இருந்த சைபர் காணாமல் போயிருக்கும், 03 என்பது 3 ஆகியிருக்கும். ஒரே நெடுவரிசையில் பாதி வலது, பாதி இடது என்று இருந்தால் அந்தத் தாளை நம்பி சார்ட் போடக் கூடாது.

முழு நெடுவரிசையும் இப்படி ஒரே அமைப்பில் உள்ளே வந்திருந்தால், பக்கத்தில் ஒரு காலி நெடுவரிசையில் இந்த ஃபார்முலாவைப் போட்டு இழுத்துவிடலாம்:

```
=IF(ISNUMBER(A2),DATE(YEAR(A2),DAY(A2),MONTH(A2)),DATE(RIGHT(A2,4),MID(A2,4,2),LEFT(A2,2)))
```

தேதியாக மாறியிருந்தால் நாளையும் மாதத்தையும் திருப்பிப் போடுகிறது. எழுத்தாக நின்றிருந்தால் அதை வெட்டி உண்மையான தேதியாக்குகிறது. வந்த விடையை காப்பி செய்து, Paste Special போய் Values என்று A-யில் ஒட்டி, A-யை Format Cells-இல் Date ஆக்கிவிட்டு இந்த உதவி நெடுவரிசையை அழித்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: கையால் சரியாக அடித்த தேதிகளும் இடையிடையே கலந்திருந்தால் இந்த ஃபார்முலா அவற்றைக் கெடுத்துவிடும். அதனால் வங்கியிலிருந்து வந்த வரிகளுக்கு மட்டும் போட்டேன். அடுத்த முறை இது வராமலிருக்க, கோப்பைத் திறப்பதற்கு முன்பே விண்டோஸின் Region அமைப்பை English (India) என்று மாற்றிவிட வேண்டும். மாற்றிய பிறகு ஏற்கெனவே கெட்டுப்போன தேதிகள் தானாகத் திருந்தாது. தொகைகள் 481,000 என்பதற்குப் பதில் 4,81,000 என்று நம் முறையில் கமா போட்டு வருவது இதில் கிடைக்கும் கூடுதல் லாபம்.

இப்போது D-யில் மாதம். இணையத்தில் பலர் சொல்வது `TEXT(A2,"mmm")` என்று போட்டு Apr, May என எழுத்தாக எடுப்பது. எனக்கு அது ஒத்துவரவில்லை. எழுத்தாக எடுத்து பிவட் டேபிள் போட்டால் எக்செல் Jan, Feb, Mar என்று காலண்டர் வரிசையில் அடுக்குகிறது. நம் கணக்கோ ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. 2025 ஜனவரி முதலில் வந்து, 2024 ஏப்ரல் அதன் பின்னால் நிற்கும். இன்னொரு வருடத்துக் கணக்கும் சேர்ந்தால் இரண்டு ஏப்ரலும் ஒரே பாரில் கலந்துவிடும். தமிழில் மாதப் பெயரை அடித்தால் அகர வரிசையில் போய் இன்னும் குழம்பும்.

அதனால் D-யில் எழுத்தை வைக்காமல், அந்த மாதத்தின் முதல் தேதியை வைத்தேன்:

```
=A2-DAY(A2)+1
```

ஜூன் 25 ஆனாலும் ஜூன் 3 ஆனாலும் விடை ஜூன் 1. உள்ளே இருப்பது தேதி, எனவே வரிசை தவறாது. வெளியே தெரிவதை மட்டும் Format Cells-இல் Custom போய் `mmm yy` என்று மாற்றினால் போதும். தமிழிலேயே மாதம் வேண்டுமென்றால் அதே இடத்தில் `[$-449]mmmm yy` என்று அடிக்க வேண்டும். எங்கள் அத்தைக்கு ஆங்கிலம் படிக்க வராது, அதனால் நான் தமிழிலேயே வைத்தேன்.

பிறகு தனியாக ஒரு சுருக்கப் பட்டியல். F2-இல் 2024 ஏப்ரல் 1, F3-இல் `=EDATE(F2,1)` போட்டு மார்ச் வரை இழுத்து, D-க்குக் கொடுத்த அதே Custom வடிவத்தை F-க்கும் கொடுத்தேன். G2-இல் அந்தந்த மாதக் கூட்டுத்தொகை:

```
=SUMIFS(C:C,D:D,F2)
```

இந்த இரண்டு நெடுவரிசைகளையும் தேர்ந்தெடுத்து Insert மெனுவில் Clustered Column. அவ்வளவுதான் சார்ட். இங்கே சிலருக்கு ஒரு சிக்கல் வரும். மாதத்துக்குப் பதில் 4, 5, 6 என்றோ, வருடத்தை 2023, 2024 என்றோ வெறும் எண்ணாக வைத்திருந்தால், எக்செல் அதையும் ஒரு செலவுத் தொகை என்று நினைத்து அதற்கும் பார் போட்டுவிடும். கீழ் அச்சில் 1, 2, 3 என்று மட்டும் வரும். என் தம்பியின் தாளில் மூன்று லட்ச ரூபாய் பாருக்குப் பக்கத்தில் தரையோடு தரையாக இன்னொரு நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. அது 2024 என்ற வருடத்துக்குப் போட்ட பார். சார்ட்டில் வலது கிளிக் செய்து Select Data போனால், இடது பக்கப் பட்டியலில் அந்த வருட வரிசை தெரியும். அதை Remove செய்துவிட்டு, வலது பக்கத்தில் Horizontal (Category) Axis Labels என்பதற்குக் கீழுள்ள Edit-ஐ அழுத்தி, வருடங்கள் இருக்கும் செல்களைக் காட்ட வேண்டும். தலைப்பு செல்லைச் சேர்க்காமல் எண்கள் உள்ளவற்றை மட்டும் காட்டினால் போதும்.

என் சார்ட்டில் வேறு சிக்கல். பன்னிரண்டு பார் இருந்தது, ஆனால் கீழே ஏப்ரல், ஜூன், ஆகஸ்ட் என்று ஒன்று விட்டு ஒன்றுதான் பெயர் வந்தது. பெயர்கள் இடம் போதாமல் இடித்துக்கொள்ளும் என்று எக்செலே பாதியை மறைத்துவிடுகிறது. அச்சை வலது கிளிக் செய்து Format Axis திறந்து, Units என்ற இடத்தில் Major என்பதை 1 Months ஆக்கினேன். எல்லாப் பெயரும் வந்தது, ஆனால் எல்லாம் சாய்ந்துகொண்டு வந்தது. சாய்ந்த தமிழ் எழுத்தைப் படிப்பது வயதானவர்களுக்குப் பெரிய சிரமம். கோணத்தை மாற்றுவதைவிட லேபிளைச் சுருக்குவதுதான் நல்லது. ஒவ்வொரு மாதத்தின் பக்கத்திலும் நான் வைத்திருந்த வருடத்தை எடுத்துவிட்டு, அதைத் தலைப்பில் ஒரே ஒருமுறை எழுதினேன். சார்ட்டைக் கொஞ்சம் அகலமாக இழுத்துவிட்டதும் பெயர்கள் நேராக நின்றன.

அதே இடத்தில் Base என்று ஒன்று இருக்கும். அது Days என்று இருந்தால் பார்கள் குச்சி குச்சியாக, இடையில் பெரிய இடைவெளியோடு தெரியும். ஒரு மாதத்துக்கு முப்பது நாள் இடம் ஒதுக்கி, அதில் முதல் நாளில் மட்டும் பார் நிற்பதுதான் காரணம். Months என்று மாற்றினால் பார் தடிமனாகிவிடும்.

அடுத்தது இடது பக்க அச்சு, ரூபாய். இதில்தான் எங்கள் வீட்டில் ஒரு சின்ன வாக்குவாதமே வந்தது. மழைக்காலத்துக்கு முந்தைய மூன்று மாதத்தை மட்டும் தனியாக எடுத்துக் காட்டியிருந்தேன். ஜூலை 33,200, ஆகஸ்ட் 34,900, செப்டம்பர் 33,600. அத்தை பார்த்ததும் கேட்டார்கள்: "ஏம்மா, ஆகஸ்ட்ல மட்டும் ரெண்டு மடங்கு செலவாயிருக்கு? அப்படி என்ன வாங்குனோம்?"

"இல்ல அத்தை, ஆயிரத்து எழுநூறு ரூபாதான் கூட" என்றேன்.

"படத்துல அப்படித் தெரியலையே."

அத்தை பார்த்ததில் தவறே இல்லை. தொகைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் எக்செல் ரூபாய் அச்சைச் சைபரிலிருந்து தொடங்குவதில்லை. இங்கே 32,000-இல் தொடங்கியிருந்தது. ஜூலை பார் 1,200 ரூபாய் உயரம், ஆகஸ்ட் பார் 2,900 ரூபாய் உயரம். கண் அளப்பது பாரின் உயரத்தைத்தான், பக்கத்தில் உள்ள எண்ணை அல்ல. அதனால் பார் போடும்போது Format Axis-இல் Bounds என்ற இடத்தில் Minimum-ஐ நானே 0 என்று அடித்துவிடுகிறேன். தானாக 0 வந்திருந்தாலும் அடிப்பேன், ஏனென்றால் தொகை மாறும்போது எக்செல் அதை மறுபடி மாற்றக்கூடும். அடித்து வைத்தது மாறாது.

ரூபாய் அச்சில் 10,000, 20,000, 30,000 என்று சைபர்கள் வரிசையாக நிற்பதும் வேண்டாத சுமை. Format Axis-இல் Number பகுதியில் Format Code பெட்டியில் `0,` என்று அடித்து Add அழுத்தினால் ஆயிரத்தால் வகுத்து 10, 20, 30 என்று காட்டும். சைபருக்குப் பின்னால் உள்ள அந்தக் கமாதான் வகுக்கிறது. தாளில் உள்ள தொகை மாறாது. இப்படிச் செய்தால் அச்சுக்குத் தலைப்பாக "ஆயிரம் ரூபாய்" என்று கட்டாயம் எழுத வேண்டும், இல்லாவிட்டால் 30 என்பது என்ன என்று யாருக்கும் புரியாது. சார்ட்டின் ஓரத்தில் வரும் கூட்டல் குறியை அழுத்தினால் Axis Titles இருக்கும்.

எங்கள் மின்கட்டணத்துக்கு நான் தனியாக ஒரு சார்ட் போட்டேன். லேபிளில் என்ன எழுதுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதை எனக்கு அதுதான் காட்டியது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுத்துக் கட்டணம் வருகிறது. எங்களுக்கு மே, ஜூலை, செப்டம்பர் என்று ஒற்றைப்படை மாதங்களில் கட்டுவது வழக்கம். அச்சை Text axis ஆக வைத்தால் ஆறு பாரும் ஒட்டி ஒட்டி நின்று, மாதாமாதம் கட்டியது போலத் தெரிகிறது. Date axis ஆக வைத்தால் இடையில் ஒரு மாத இடம் காலியாக விடப்படுகிறது. அது பரவாயில்லை என்று வைத்துக்கொண்டேன்.

ஆனால் உயரமான பார் ஜூலையில் நின்றது: 3,400 ரூபாய். கணவர் பார்த்துவிட்டு, "ஜூலைல நாம ஏசியே போடலையே, மீட்டர்ல ஏதும் கோளாறா?" என்றார். மீட்டரில் கோளாறு இல்லை. ஜூலையில் கட்டியது மே, ஜூன் இரண்டு மாதம் ஓடியதற்கான பணம். தாளில் A-யில் இருப்பது பணம் கட்டிய தேதி. "எந்த மாதம் கையிலிருந்து பணம் போனது" என்ற கேள்விக்கு அது சரியான விடை. "எந்த மாதம் மின்சாரம் அதிகம் செலவானது" என்ற கேள்விக்கு அது தப்பான விடை. அதனால் இந்த ஒரு சார்ட்டுக்கு மட்டும் ஆறு லேபிளையும் நானே எழுத்தாக அடித்தேன்: மார்ச்–ஏப்ரல், மே–ஜூன், ஜூலை–ஆகஸ்ட் என்று. இப்போது வெயில் காலத்தோடு உயரம் பொருந்தி வந்தது. ஏசியை எந்த மாதம் குறைக்க வேண்டும் என்று பேசவும் முடிந்தது. இதைச் சுருக்கி 3-4, 5-6 என்று அடித்துவிடாதீர்கள், எக்செல் உடனே அதைத் தேதியாக்கிவிடும். அப்படித்தான் வேண்டுமென்றால் செல்லை முதலில் Text ஆக மாற்றிவிட்டு அடிக்க வேண்டும்.

வகைவாரிச் செலவுக்கு வட்டச் சார்ட் போடாமல் படுக்கை பாரைத் தேர்ந்தெடுத்தேன். "மளிகை, காய்கறி", "வீட்டு வாடகை", "பள்ளிக் கட்டணம்" போன்ற நீளமான பெயர்கள் இடது பக்கம் நேராக, முழுதாக நிற்கும். தொகைகளைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி Clustered Bar போட்டால், எக்செல் முதல் வரியைக் கீழே வைத்துவிடும், பெரிய செலவு அடியில் போய்விடும். பெயர்கள் உள்ள அச்சின் Format Axis-இல் Categories in reverse order என்பதை டிக் செய்தால் வரிசை நிமிரும். உடனே ரூபாய் அச்சு மேலே தாவிவிடும். அதே இடத்தில் Horizontal axis crosses என்பதில் At maximum category தேர்ந்தெடுத்தால் அது மறுபடி கீழே வந்துவிடும். சில பெயர்கள் விடுபட்டால் Labels பகுதியில் Specify interval unit என்பதில் 1 அடிக்க வேண்டும். ஒரே வகை இரண்டு பாராகப் பிரிந்து வந்தால், ஒன்றின் கடைசியில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருக்கும். B நெடுவரிசைக்கு Data Validation-இல் ஒரு List வைத்துவிட்டால், கையால் அடிக்காமல் பட்டியலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

மாதவாரி சார்ட்டின் தலைப்பில் "மாதாந்திரச் செலவு" என்று எழுதாமல், "ஜூனிலும் அக்டோபரிலும் செலவு இரட்டிப்பு, 2024–25" என்று எழுதினேன். மற்ற மாதங்கள் 33, 34 ஆயிரத்தில் நிற்க, ஜூன் 72,000, அக்டோபர் 69,000. ஜூனில் பள்ளிக் கட்டணம் 38,000. அக்டோபரில் இரண்டாம் தவணை 14,000, தீபாவளித் துணிமணியும் பலகாரமும் 21,000. இந்த மூன்றும் சேர்த்து 73,000. அதைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 6,100 ரூபாய் தனியாக எடுத்து வைப்பது என்று அன்றைக்கே முடிவானது. சார்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்புவதாக இருந்தால் லேபிள் எழுத்தை 14 அளவுக்குக் குறையாமல் வைக்க வேண்டும், லேப்டாப்பில் நன்றாகத் தெரிவது போனில் பொடியாகிவிடும்.

முந்தைய வருடக் கணக்கு பாதி நோட்டில் இருந்தது, அதையும் ஏற்றி இரண்டு வருடத்தையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தோம். இதற்குத் தேதி அச்சு உதவாது. 2023 ஏப்ரலும் 2024 ஏப்ரலும் தேதியாக வெவ்வேறு என்பதால் தனித்தனி இடத்தில் போய் நிற்கும். ஏப்ரல், மே என்று எழுத்தாகவே ஒரு நெடுவரிசை, அதற்குப் பக்கத்தில் வருடத்துக்கு ஒரு நெடுவரிசை என்று வைத்தால் ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டு பார் ஒட்டி நிற்கும். பட்டியலை நாமே ஏப்ரலில் தொடங்கி அடிப்பதால் வரிசைச் சிக்கலும் இல்லை. இதில் அக்டோபர் மட்டும் வம்பு செய்தது. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31. அக்டோபரில் செலவு எகிறியது போலவும் நவம்பரில் சிக்கனமாக இருந்தது போலவும் சார்ட் காட்டியது, ஆனால் நடந்தது பண்டிகை இடம் மாறியது மட்டும்தான். அந்த இரண்டு மாதத்தையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஒரே இடத்தில் "அக்–நவ சராசரி" என்று லேபிள் போட்டேன்.